அறுபது காசு வட்டியும் பத்தாயிரம் ரூபாய் கமிஷனும்

“பர்சனல் லோன், வீட்டுக் கடன், குறைந்த வட்டி, 48 மணி நேரத்தில் சாங்ஷன்.” சேலத்தில் மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும், ஆட்டோவின் முதுகில் தொங்கும், வாட்ஸ்அப்பிலும் வந்து விழும். கீழே ஒரு செல் நம்பர் மட்டும் இருக்கும். கூப்பிட்டால் மரியாதையாகப் பேசுவார்கள், வீட்டுக்கே வருவார்கள். கடைசியில் ஒரு தொகை கேட்பார்கள். அதற்கு ஃபைல் சார்ஜ், லாகின் சார்ஜ், கமிஷன், ‘மேனேஜருக்குக் கொடுக்கணும்’ என்று பல பெயர்கள் உண்டு. கொடுத்தால் வட்டி குறையும், அல்லது கடன் சீக்கிரம் கிடைக்கும் என்பது வாக்குறுதி.

இதில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் உண்மையிலேயே வங்கிக்கு ஃபைல் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். இன்னொருவருக்கு எந்த வங்கியோடும் தொடர்பே கிடையாது. இரண்டாவது ஆளைப் பற்றிப் போலீஸ் எச்சரிக்கை, செய்தி எல்லாம் வருகிறது. முதல் ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவரிடம் பணம் கொடுத்தவருக்குக் கடனும் கிடைத்துவிடுவதால், தான் ஏமாந்தோம் என்றே அவருக்குத் தெரியாது. அதனால் முதல் ஆளிடமிருந்தே தொடங்குவோம்.

வங்கி எப்படி வட்டி சொல்கிறது

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கூலிக்கு வெள்ளி வேலை எடுத்துச் செய்கிறார். மூன்று வருடமாக ஆடிட்டர் மூலம் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கிறார். மகள் கல்யாணத்துக்கு ஐந்து லட்சம் தேவை, மூன்று வருடத்தில் அடைத்துவிடலாம் என்று நினைக்கிறார். தன் கணக்கு இருக்கும் வங்கியில் கேட்கிறார். அவர்கள் 13.25 சதவீதம் என்கிறார்கள். மாதத் தவணை 16,907 ரூபாய்.

சேலத்தில் யாரும் வட்டியைச் சதவீதத்தில் நினைப்பதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் எவ்வளவு என்றுதான் கணக்கு. ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் நூற்றுக்கு ஒன்று, வருடத்துக்குப் பன்னிரண்டு. அந்தக் கணக்கில் வங்கி சொன்னது ஒரு ரூபாய் பத்து காசு வட்டி. பட்டறைக்காரர் யோசித்துக்கொண்டே டீக்கடைக்கு வருகிறார். அங்கே தெரிந்தவர் மூலம் ஏஜென்ட் அறிமுகமாகிறார்.

“அண்ணா, நீங்க நேராப் போனா அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நம்மகிட்ட விடுங்க. அறுபது காசு வட்டில முடிச்சுத் தர்றேன். ரெண்டு பர்சென்ட் மட்டும் நமக்கு.”

இரண்டு பர்சென்ட் என்றால் பத்தாயிரம் ரூபாய். ஒரு ரூபாய் பத்து காசு எங்கே, அறுபது காசு எங்கே? கிட்டத்தட்டப் பாதி. பத்தாயிரம் கொடுத்தாலும் லாபம்தானே என்று யாருக்கும் தோன்றும். சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஏஜென்ட் சொல்லும் அறுபது காசு, முழு ஐந்து லட்சத்துக்கும் மூன்று வருடம் முழுக்க ஓடும் வட்டி. மாதம் 3,000 ரூபாய், 36 மாதத்துக்கு 1,08,000. அசலையும் சேர்த்தால் 6,08,000. அதை 36ஆல் வகுத்தால் தவணை 16,889 ரூபாய். வங்கி சொன்னது 16,907. மாதத்துக்கு வித்தியாசம் பதினெட்டு ரூபாய்!

மொத்த வட்டியில் பார்த்தாலும் அதே கதைதான். வங்கிக்கு மூன்று வருடத்தில் கட்டும் வட்டி சுமார் 1,08,650. ஏஜென்ட் கணக்கில் 1,08,000. அறுநூற்றைம்பது ரூபாய் மிச்சம். அதை மிச்சப்படுத்தித் தருவதற்குத்தான் பத்தாயிரம் ரூபாய் கேட்கிறார்.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்தால், இனி யார் என்ன வட்டி சொன்னாலும் சரிபார்த்துவிடலாம். வங்கி தன் வட்டியை, அன்றைக்கு மீதம் இருக்கும் அசலுக்கு மட்டும் போடுகிறது. முதல் மாதம் ஐந்து லட்சத்துக்கு 5,521 ரூபாய் வட்டி. தவணையில் மீதியுள்ள 11,386 ரூபாய் அசலில் கழிகிறது. அடுத்த மாதம் வட்டி கொஞ்சம் குறைகிறது. பதினெட்டாவது தவணை கட்டி முடிக்கும்போது அசல் சுமார் இரண்டே முக்கால் லட்சமாக இறங்கியிருக்கும். கடைசித் தவணையில் வட்டி இருநூறு ரூபாய்கூட இருக்காது. இதைக் குறையும் நிலுவை வட்டி என்பார்கள்.

அறுபது காசுக் கணக்கில் அசல் குறைவதையே கண்டுகொள்வதில்லை. முதல் மாதமும் 3,000, கடைசி மாதமும் 3,000. கடைசி மாதம் உங்கள் கையில் இருப்பது வங்கிப் பணம் பதினாறாயிரத்துச் சொச்சம்தான், ஆனால் ஐந்து லட்சத்துக்கு வட்டி கட்டுகிறீர்கள். இது ஃபிளாட் வட்டி. மூன்று வருடக் கடனில் 7.2 சதவீத ஃபிளாட் வட்டி, குறையும் நிலுவையில் சுமார் 13.2 சதவீதத்துக்குச் சமம். அதாவது இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே கடனைத்தான் சொல்கிறார்கள். ஏஜென்ட் வட்டியைக் குறைக்கவே இல்லை, வேறு அளவுகோலில் சொன்னார்.

இதில் இன்னொரு நுணுக்கம். அந்தப் பத்தாயிரத்தையும் கடனின் செலவாகவே பார்க்க வேண்டும். கையில் வந்தது ஐந்து லட்சம், அதில் பத்தாயிரம் ஏஜென்ட்டுக்குப் போனால் நிஜமாகப் பயன்பட்டது 4,90,000. அதற்கு 16,889 வீதம் 36 மாதம் கட்டினால் உண்மையான வட்டி சுமார் 14.6 சதவீதம். நேராக வங்கிக்குப் போயிருந்தால் 13.25. வங்கியின் பிராசஸிங் கட்டணம் இரண்டு வழியிலும் இருக்கும் என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

ஆகவே ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வட்டி எவ்வளவு என்பதே இல்லை. “மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம், கையில் எவ்வளவு வரும்?” இந்த மூன்றையும் வாங்கிக்கொண்டால் பைசாக் கணக்கு, சதவீதக் கணக்கு எதுவும் குழப்பாது. தவணையையும் மாதத்தையும் பெருக்கி, கையில் வந்ததைக் கழித்தால் வருவதுதான் அந்தக் கடனின் மொத்தச் செலவு. ஒரே தொகை, ஒரே மாதக் கணக்கு என்றால் இரண்டு கடன்களை இப்படி நேருக்கு நேர் ஒப்பிடலாம்.

ஏஜென்ட் கையில் என்ன இருக்கிறது

வங்கிகளும் கடன் நிறுவனங்களும் ஆட்களைப் பிடித்துத் தர ஏஜென்ட்டுகளை வைத்திருப்பது உண்மைதான். டிஎஸ்ஏ என்று சொல்வார்கள். ஃபைல் சாங்ஷனாகிப் பணம் பட்டுவாடா ஆனதும், கடன் தொகையில் ஒரு பங்கை வங்கியே அவருக்குக் கமிஷனாகக் கொடுக்கும். அவர் வேலைக்கான கூலி அங்கேயே முடிந்துவிடுகிறது. உங்களிடமும் வாங்கினால் ஒரே வேலைக்கு இரண்டு கூலி.

அப்படியானால் வட்டியை யார் முடிவு செய்கிறார்கள்? வீட்டுக் கடனில் இது தெளிவாகத் தெரியும். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன், பர்சனல் கடன் எல்லாம் வெளிப்படையான ஓர் அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பெரும்பாலான வங்கிகள், ரிசர்வ் வங்கி தங்களுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை எடுத்துக்கொண்டன. அதன் மேல் தங்கள் செலவு, லாபம், உங்கள் கடன் ஆபத்து ஆகியவற்றுக்காக ஒரு கூடுதல் சதவீதம் வைக்கின்றன. ஆபத்துக்கான பகுதி பெரும்பாலும், இதுவரை கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்பதற்கான மதிப்பெண்ணான சிபில் ஸ்கோரின் அடுக்குகளைப் பார்த்து வரும். ஸ்கோர் இத்தனைக்கு மேல் என்றால் இந்த வட்டி, கீழே என்றால் அந்த வட்டி. சில வங்கிகளில் பெண்கள் பெயரில் எடுத்தால் சிறு சலுகை உண்டு. இந்த அட்டவணையைச் சேலம் கிளை மேலாளரே நினைத்தாலும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. வாசலில் ஃபைலோடு நிற்கும் ஏஜென்ட் எங்கே மாற்றுவது?

பர்சனல் கடனில் கொஞ்சம் பேரம் பேச இடம் இருக்கும். நல்ல கம்பெனி, நல்ல சம்பளம், பழைய வாடிக்கையாளர் என்றால் அரை சதவீதம் விட்டுத்தர வங்கிக்கு அதிகாரம் இருக்கலாம். ஆனால் அந்தப் பேரத்தை நீங்களே பேசலாம். இன்னொரு வங்கியின் எழுத்துப்பூர்வமான ஆஃபரை மேஜையில் வைத்தால், ஏஜென்ட் சிபாரிசைவிட அது நன்றாகவே வேலை செய்யும்.

நியாயமாகச் சொன்னால், நல்ல டிஎஸ்ஏவால் ஓர் உதவி உண்டு. எந்த வங்கி பட்டறைக்காரர், தறிக்காரர், சொந்தத் தொழில் செய்கிறவர்களின் வருமானத்தை ஒத்துக்கொள்கிறது, எது சம்பளச் சீட்டு இல்லாமல் பேசவே பேசாது என்று அவருக்குத் தெரியும். பேப்பர்களைச் சரியாக அடுக்கித் தருவார். அதற்குத்தான் வங்கி அவருக்குக் கொடுக்கிறது. கூடவே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். எந்த வங்கி அவருக்கு அதிகக் கமிஷன் தருகிறதோ, அந்தப் பக்கம் உங்களைத் தள்ள அவருக்கு ஆசை இருக்கும்.

அப்புறம் ஏன் இத்தனை பேர், “ஏஜென்ட் மூலமாப் போனேன், கிடைச்சது” என்று சாட்சி சொல்கிறார்கள்? வேலை வாங்கித் தருகிறேன் என்று நூறு பேரிடம் பணம் வாங்கி, தானாகவே தேர்வானவர்களின் பணத்தை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறவர் கதைதான் இதுவும். பத்து பேர் ஃபைல் கொடுத்தால், வருமானமும் ஸ்கோரும் சரியாக உள்ள நான்கைந்து பேருக்கு எப்படியும் சாங்ஷன் ஆகும். அவர்கள் ஏஜென்ட்டால் கிடைத்தது என்று நம்பி ஊரெல்லாம் சொல்வார்கள். கிடைக்காதவர்களிடம் “உங்க சிபில் சரியில்லைங்க” என்று சொல்லிவிடலாம். சில ஏஜென்ட்டுகள் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், அதனால் நேர்மையானவர் என்ற பெயரும் வரும். அவர் தன் செல்வாக்கால் எதையும் செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

‘சீக்கிரம்’ என்பதற்குக் கொடுக்கும் விலை

வீட்டுக் கடனில் நாள் ஆவது வங்கி மேஜையில் குறைவு, பத்திரங்களில்தான் அதிகம். வங்கியின் வக்கீல் தாய்ப்பத்திரம் முதல் வில்லங்கச் சான்று வரை படித்துச் சட்டக் கருத்து எழுத வேண்டும். வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டை நேரில் வந்து பார்க்க வேண்டும். சேலத்தின் குகை, அம்மாபேட்டை மாதிரிப் பழைய பகுதிகளில் தாத்தா பெயரில் வீடு இருக்கும், பாகப்பிரிவினை பதிவாகியிருக்காது, பட்டாவில் பெயர் மாறியிருக்காது. ஏற்காட்டில் மலை நிலம் என்றால் அனுமதி விவகாரம் இன்னும் நீளும். இதில் எதையும் ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் ஐயாயிரம் நகர்த்தாது. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்தில் நீங்களே எடுத்து, கடன் கேட்கும் முன்பே ஒரு வக்கீலிடம் காட்டினால்தான் நாள் மிச்சமாகும்.

வேகத்தைக் காட்ட சில ஏஜென்ட்டுகள் செய்யும் இரண்டு காரியங்கள் ஆபத்தானவை. முதலாவது, உங்கள் பான் நம்பரை வைத்து ஒரே வாரத்தில் ஐந்தாறு நிறுவனங்களில் விண்ணப்பம் போடுவது. ஒவ்வொன்றும் உங்கள் கடன் அறிக்கையில் விசாரணை என்று பதிவாகும். கடனுக்காக அலைகிறார் என்று அடுத்த வங்கி நினைக்கும், ஸ்கோரும் இறங்கலாம். வட்டியைக் குறைக்கப் போய், வட்டி கூடும் அடுக்குக்கு நீங்களே இறங்கிவிடுவீர்கள்.

இரண்டாவது அதைவிட மோசம். வருமானம் பத்தவில்லை என்றால், “அதை நான் பார்த்துக்கறேன்” என்பார். போலிச் சம்பளச் சீட்டு, திருத்திய பேங்க் ஸ்டேட்மென்ட், இல்லாத கம்பெனியின் வேலைச் சான்று என்று ஃபைலில் சொருகிவிடுவார். விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது. பின்னால் வங்கி கண்டுபிடித்தால் பொய் ஆவணம் கொடுத்தவர் நீங்கள்தான், ஏஜென்ட் போனை எடுக்கவே மாட்டார். வெற்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுத் தராதீர்கள். ஃபைல் உள்ளே போவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கோபப்படும் ஏஜென்ட்டிடம் ஃபைலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

எந்தக் கட்டணம் நிஜம்

எல்லாக் கட்டணமும் மோசடி இல்லை. இதில்தான் ஆட்கள் குழம்புகிறார்கள். வங்கிக்குப் பிராசஸிங் கட்டணம் உண்டு, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வீட்டுக் கடனில் வக்கீல், மதிப்பீட்டாளர் கட்டணம் உண்டு. தமிழ்நாட்டில் பத்திரத்தை வங்கியில் அடமானம் வைப்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உண்டு, எம்ஓடி செலவு என்பார்கள். ஏஜென்ட் இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டி, “எல்லாம் சேர்த்து நாற்பத்தஞ்சாயிரம் ஆகும்ணா” என்று ஒரே தொகையாகச் சொல்வார். தன் கமிஷன் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

அந்தத் தொகையைப் பிரித்துக் கேளுங்கள். எது வங்கிக்கு, எது வக்கீலுக்கு, எது அரசுக்கு, எது ஏஜென்ட்டுக்கு? வங்கிக்குப் போவது வங்கியின் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும், அல்லது கடன் தொகையிலேயே கழிக்கப்படும். அரசுக்குப் போவதற்கு அரசு ரசீது வரும். தனி ஆளின் யுபிஐ நம்பருக்குப் போகும் பணம் இவை எதிலும் சேராது. பணம் அனுப்பும் திரையில் வரும் பெயரைப் படித்தாலே போதும். வங்கிப் பெயருக்குப் பதிலாக யாரோ ஒருவரின் பெயர் வந்தால் விரலை எடுத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் மேலே உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் சொன்னபடி, 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகக் கொடுக்கப்படும் சில்லறைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் முக்கிய விவரக் குறிப்பு ஒன்றை, நீங்கள் கையெழுத்துப் போடும் முன்பே தர வேண்டும். வங்கியில் கேஎஃப்எஸ் என்று கேளுங்கள். கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் விதி, அதனால் தமிழில் கேட்கத் தயங்க வேண்டாம். வட்டி எவ்வளவு, எல்லாக் கட்டணமும் சேர்த்து வருடச் செலவு எத்தனை சதவீதம், தவணை அட்டவணை என்ன, புகாரை எந்த அதிகாரியிடம் சொல்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதில் எழுதாத எந்தக் கட்டணத்தையும், உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல், கடன் காலம் முழுவதும் உங்களிடம் வசூலிக்கக் கூடாது.

பட்டறைக்காரர் அந்தக் குறிப்பை வாங்கியிருந்தால் அறுபது காசு அங்கேயே உடைந்திருக்கும். அதில் வட்டி 13 சதவீதத்துச் சொச்சம் என்றுதான் அச்சாகியிருக்கும். ஏஜென்ட்டின் பத்தாயிரம் அந்தக் காகிதத்தில் எங்கேயும் இருக்காது. “கேஎஃப்எஸ்ல இந்தப் பணம் எந்த வரிலங்க இருக்கு?” என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் பேச்சை மாற்றுவார்கள்.

குறிப்பு வந்த பிறகு யோசிக்கவும் நேரம் உண்டு. ஏழு நாளோ அதற்கு மேலோ காலமுள்ள கடனுக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் அந்த ஆஃபர் செல்லுபடியாகும். “இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லலைன்னா ரேட் போயிடும்” என்ற அவசரத்துக்கு அங்கே இடமில்லை.

ஏற்கெனவே வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்து, வட்டியைக் குறைக்கத்தான் ஏஜென்ட் வருகிறார் என்றால் வழி இன்னும் சுலபம். உங்கள் வங்கிக்கே எழுத்தில் கேளுங்கள். புது வாடிக்கையாளர்களுக்குத் தரும் வட்டிக்கு என்னை மாற்ற என்ன கட்டணம் என்று. பல இடங்களில் ஒரு சிறு கட்டணத்தோடு மாற்றித் தருவார்கள். மறுத்தால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம். தனிநபர் சொந்தத் தேவைக்கு எடுத்த மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைக்க வங்கி அபராதம் போடக் கூடாது. புது வங்கியின் பிராசஸிங், வக்கீல், எம்ஓடி செலவுகளையும், மிச்சமாகும் வட்டியையும் எதிரெதிரே எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் முடிய இரண்டு மூன்று வருடம்தான் இருக்கிறது என்றால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது, ஏனென்றால் வட்டியில் பெரும்பகுதியை ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள்.

வங்கியே இல்லாத ஏஜென்ட்

இனி இரண்டாவது ஆள். இவரை நேரில் பார்க்கவே முடியாது, எல்லாம் போனிலும் வாட்ஸ்அப்பிலும்தான். ஆதார், பான், ஒரு போட்டோ கேட்பார். ஒரு மணி நேரத்தில் ஏதோ ஒரு பிரபல வங்கியின் முத்திரையோடு சாங்ஷன் லெட்டர் வரும், ஐந்து லட்சம், எட்டு சதவீதம் என்று. பிணையில்லாத பர்சனல் கடன் அந்த வட்டிக்கு, அதுவும் யாரும் வருமானத்தையே கேட்காமல் கிடைக்கிறதென்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

முதலில் கேட்பது சின்னத் தொகை, ஃபைல் சார்ஜ் இரண்டாயிரத்து ஐந்நூறு என்கிற மாதிரி. கட்டியதும் கடனுக்கு இன்ஷூரன்ஸ் என்று எட்டு பத்தாயிரம். பிறகு ஐந்து லட்சத்துக்கு ஜிஎஸ்டி. (ஜிஎஸ்டி கட்டணத்துக்குத்தான், கடன் தொகைக்குக் கிடையாது.) அதற்கப்புறம், “உங்க அக்கவுண்ட் நம்பர்ல ஒரு எழுத்து தப்பாயிடுச்சு, பணம் ஹோல்டுல இருக்கு, ரிலீஸ் பண்ண இன்னும் பதினஞ்சாயிரம்.” ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி, இது திரும்பி வந்துவிடும் என்பார்கள். ஏற்கெனவே கட்டியது போய்விடுமே என்ற பயத்தில்தான் அடுத்த தொகையை அனுப்புகிறோம், அந்தப் பயத்தை வைத்துத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள். உண்மையிலேயே கடன் தருகிறவர் தன் கட்டணத்தைக் கடன் தொகையில் கழித்துக்கொள்ள முடியும். ஐந்து லட்சம் தரப்போகிறவர், உங்களிடமிருந்து பதினைந்தாயிரம் வராததால் அதை நிறுத்தி வைத்திருக்கிறார் என்பதே பொருந்தாத கதை.

லெட்டரைச் சரிபார்க்க அதில் அச்சாகியிருக்கும் நம்பரைக் கூப்பிடாதீர்கள், அது அவர்களுடைய நம்பர்தான். அந்த வங்கியின் சேலம் கிளை ஒன்றுக்கு நேரில் போய், விண்ணப்ப எண்ணைக் காட்டிக் கேளுங்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் அப்படி ஒரு கடனே இல்லை. ஏஜென்ட் தன்னை டிஎஸ்ஏ என்று சொன்னால், அந்தப் பெயர் வங்கியின் பட்டியலில் இருக்கிறதா என்றும் அங்கேயே கேட்கலாம், பல வங்கிகள் அந்தப் பட்டியலை இணையதளத்திலும் போடுகின்றன.

பணம் போய்விட்டால்

போன் மூலமாக ஏமாந்திருந்தால் முதலில் 1930. இது சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ, அங்கிருந்து வேறு கணக்குகளுக்குச் சிதறுவதற்கு முன் முடக்க முயல்வார்கள், அதனால் எத்தனை சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அத்தனை நல்லது. பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை, பணம் போன யுபிஐ முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம். உங்கள் வங்கிக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், கோபத்தில் நம்பரை பிளாக் செய்யும் முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். காசோலை கொடுத்திருந்தால் வங்கியில் ஸ்டாப் பேமென்ட் எழுதிக் கொடுங்கள்.

நேரில் வந்த உள்ளூர் ஏஜென்ட் என்றால், அவர் எந்த வங்கியின் பெயரைச் சொன்னாரோ அந்த வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வங்கியின் ஏஜென்ட் செய்த தவறுக்கு வங்கி பதில் சொல்ல வேண்டும். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு cms.rbi.org.in தளத்தில் அனுப்பலாம், அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. எந்த வங்கியோடும் தொடர்பில்லாத ஆள் என்றால் அது போலீஸ் நிலையத்துக்கான விஷயம். ஏமாற்றிப் பணம் பறித்தலுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆவது பிரிவு இருக்கிறது, பழைய 420 இப்போது அதற்குள்தான் வருகிறது. புகாரில் வாய்வழியாக என்ன சொன்னார் என்பதைவிட, எந்தத் தேதியில் எந்த வழியாக எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதற்குத்தான் மதிப்பு. கையில் ரொக்கமாகக் கொடுத்தவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள்.

உங்கள் பேப்பர்கள் அவர் கையில் போயிருந்தால், சில வாரம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் கேட்காத கடனோ விசாரணையோ அதில் இருந்தால் அந்த நிறுவனத்திடமே மறுப்புப் பதியலாம்.

புகார் கொடுத்த சில நாளில் இன்னொரு போன் வரக்கூடும். சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், அனுப்ப ஒரு சின்ன பிராசஸிங் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று. ஏமாந்தவர்களின் நம்பர்கள் ஒரு கும்பலிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும். போலீஸ் பணத்தை மீட்டுத் தரக் கட்டணம் வாங்காது. அந்த நம்பரையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.